முதலில் யார் பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணி. தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. அங்கே படித்த பதினோரு பேரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் பள்ளிக்கு ஓர் ஆய்வகம் கட்டிக்கொடுப்பது பற்றிப் பேச வீடியோவில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலும் சென்னையிலுமாக ஆறு பேர். சிங்கப்பூரில் மூவர், அவர்களுக்கு மணி ஒன்பதரை, தூங்கப்போகிற நேரம். டொரொன்டோவில் இருவர்; அவர்களுக்கும் ஒன்பதரைதான், ஆனால் காலை. செயலாளர் ஜூமில் இலவசக் கணக்கு வைத்திருக்கிறார். நாற்பது நிமிடம் ஆனதும் கூட்டம் தானாகத் துண்டித்துவிடும்.

இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றிலாவது உட்கார்ந்திருக்காதவர் இன்று குறைவு. அதனால் அடுத்து என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். "வணக்கம்." "வணக்கம் வணக்கம்." "கேக்குதா?" "கேக்குது." "உங்க வீடியோ வரலையே?" "நெட் கொஞ்சம் ஸ்லோ." "குமார், நீ மியூட்ல இருக்க." குமார் உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பார். இதற்குள் இன்னொருவர் நுழைவார். மறுபடி "வணக்கம்", மறுபடி "கேக்குதா?". ஒருவர் வருகைக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும், செயலாளர் நீங்கலாகப் பதினோரு பேருக்கு ஐந்தரை நிமிடம். "எல்லாரும் வந்தாச்சா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுத் தொடங்கும்போது ஏழு பத்து. சிமென்ட் விலையைப் பேச ஆரம்பித்த நேரத்தில் தலைமையாசிரியர் திரையில் தோன்றுவார். பத்து குரல்கள் ஒரே நேரத்தில் "வணக்கம் சார்" சொல்லும். அவருக்கு ஒன்றும் சரியாகக் கேட்காது. பேச்சு முதலிலிருந்து தொடங்கும். கணக்கு வழக்குக்கு வரும்போது திரை அணைந்துவிடும்.

இதில் ஒருவர்கூட மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளவில்லை என்பதுதான் வேடிக்கை. எல்லாரும் நல்ல பழக்கத்தோடுதான் நடந்துகொண்டார்கள். அந்தப் பழக்கம் வேறு ஓர் இடத்துக்காக உருவானது.

கல்யாண வீட்டு வாசலை நினைத்துப் பாருங்கள். வருகிறவரை ஒருவர் வாய்நிறைய "வாங்க வாங்க" என்று கூப்பிடுகிறார். பந்தியைக் கவனிக்கிற சித்தப்பா தூரத்திலிருந்தே கையைத் தூக்குகிறார். நாற்காலியில் இருக்கிற பெரியவர் தலையை அசைக்கிறார். பத்துப் பேர் வரவேற்றாலும் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சைக் கெடுப்பதில்லை; நடந்துகொண்டிருக்கிற எந்த உரையாடலும் நிற்பதில்லை. வீடியோக் கூட்டத்தில் இருப்பது ஒரே ஒரு குரல்வழி. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். யார் யாருக்கு வணக்கம் சொன்னாலும் அது பன்னிரண்டு பேரின் காதிலும் விழுகிறது. பன்னிரண்டு பேரின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

தாமதமும் சேர்ந்துகொள்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி போலண்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி சராசரியாக 135 மில்லிவினாடி. ஜூமில் அது 487 மில்லிவினாடி, கிட்டத்தட்ட அரை வினாடி. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் நம் காது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பதிலை எதிர்பார்த்துப் பழகியது. அரை வினாடி மௌனம் விழுந்தால் "பதில் வரவில்லை போலிருக்கிறது" என்று நினைத்து நாம் மறுபடி வாயைத் திறக்கிறோம். அதே நொடியில் எதிர்ப்பக்கத்துப் பதிலும் வந்து மோதுகிறது. "நீங்க சொல்லுங்க." "இல்லை, நீங்க சொல்லுங்க." இரண்டு பேருக்கும் நல்ல எண்ணம்தான்.

மூன்றாவது காரணம் மென்பொருளுக்குள் இருக்கிறது. எதிரொலியையும் பின்னணி இரைச்சலையும் அடக்குவதற்காகச் செயலிகள் ஒலியை வடிகட்டுகின்றன. பல பேர் ஒன்றாகப் பேசினால் உரக்கக் கேட்கிற சில குரல்கள்தான் மேலே வரும், மற்றவை நசுங்கிப்போகும். நேரில் கோரஸாகச் சொன்னால் கம்பீரமாக ஒலிக்கிற "வணக்கம் சார்" இங்கே "வண… ச… க்கம்" என்று உடைந்து விழுவது அதனால்தான். மௌனமாக இருந்த ஒருவர் திடீரென்று பேசினால், அது பேச்சா இரைச்சலா என்று வடிகட்டி முடிவுசெய்வதற்குள் முதல் அசை போய்விடுவதும் உண்டு. "நாளைக்கு முடியாது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களுக்கு வாக்கியத்தின் வால் மட்டும் கேட்கும்.

சரி, இந்த ஒற்றைவழிப் பாதையில் யார் முதலில் பேசுவது? இதற்கு விடை தேட வீடியோவை விட்டுவிட்டுக் கொஞ்சம் தொலைபேசிக்குப் போகலாம். எமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க சமூகவியலாளர் காவல் துறையின் தொலைபேசி அழைப்புகள் சுமார் ஐந்நூற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் முதல் சில வினாடிகளை மட்டும் ஆராய்ந்தார். 1968-இல் வெளியான கட்டுரை அது. அவர் கண்ட விதி எளிமையானது: அழைப்பவர் அல்ல, போனை எடுப்பவரே முதலில் பேசுகிறார். யார் அழைக்கிறார் என்று தெரியாவிட்டாலும் அவர்தான் முதலில் வாயைத் திறக்கிறார். ஐந்நூறில் ஒரே ஓர் அழைப்பு மட்டும் விதிக்கு அடங்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அழைக்கிறார்கள். எதிர்முனையில் போனை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரு வினாடி பேச்சில்லை. அப்போது அழைத்த போலீஸ்காரர்தான் முதலில் "ஹலோ" என்கிறார்.

மற்றவர்களாக இருந்தால் ஒன்றுதானே என்று ஒதுக்கியிருப்பார்கள். ஷெக்லாஃப் அந்த ஒன்றுக்காகத் தன் விதியையே மாற்றி எழுதினார். போன் மணியே ஒரு கூப்பிடுதல். எடுப்பவர் பேசுவது அதற்குப் பதில். பதில் வராதபோது அழைத்தவர் சொல்லும் "ஹலோ" இன்னொரு மணி, மறுபடியும் கூப்பிடுவது.

இதை அப்படியே நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் உள்ளே வரும்போது 'டிங்' என்று ஒலி வருகிறது, அல்லது ஒரு புதிய கட்டம் திரையில் முளைக்கிறது. அதுதான் மணி. அவர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார். பதில் சொல்ல வேண்டியவர் உள்ளே இருப்பவர். அவர் பேசாமல் இருக்கும்போதுதான் வந்தவர் தவித்துப்போய் "ஹலோ… ஹலோ? கேக்குதா?" என்று மறுபடி மணி அடிக்கிறார். நாம் இதை அவருடைய பதற்றம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கூட்டத்தை நடத்துபவர் விட்ட இடைவெளி.

நம் வழக்கம் இதற்கு நேர் எதிரானது, சிக்கல் அங்கேதான். ஒரு வீட்டுக்குள் பேசாமல் நுழைந்து மூலையில் உட்காருபவரை நாம் மரியாதை தெரிந்தவர் என்று சொல்வதில்லை. வந்தவர் வணக்கம் சொல்ல வேண்டும், அதுவும் இளையவராக இருந்தால் கட்டாயம். வீடியோக் கூட்டத்தில் மைக்கை அணைத்துக்கொண்டு பேசாமல் நுழைவதுதான் மரியாதை. வாய்விட்டு வரவேற்பது உள்ளே இருக்கும் ஒருவரின் பொறுப்பு. பன்னிரண்டு பேரும் அல்ல, ஒரே ஒருவர்.

அந்த ஒருவரை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவது நல்லது. கூட்டத்தைத் திறப்பவரே அவராக இருந்தால் வசதி. அவர் ஏழு மணிக்கு அல்ல, ஆறு ஐம்பத்தைந்துக்கே உள்ளே இருக்க வேண்டும். முதலில் வருகிற இருவர் மூவரைப் பெயர் சொல்லி வரவேற்கலாம். அப்போது கூட்டம் சின்னது, அதற்கு இடமுண்டு. "வாங்க செல்விக்கா. குரல் நல்லாக் கேக்குது. நாங்க மூணு பேர் இருக்கோம், ஏழு மூணுக்கு ஆரம்பிச்சிடலாம்." இந்த மூன்று சின்ன வாக்கியங்களுக்குள் வந்தவர் கேட்க நினைத்த எல்லாம் அடங்கிவிட்டது. அவர் வந்தது தெரிந்துவிட்டது. அவருடைய ஒலி சரியாக இருக்கிறது. யார் இருக்கிறார்கள், எப்போது ஆரம்பம் என்பதும் தெரிந்துவிட்டது. இனி அவர் "கேக்குதா?" என்று கேட்க வேண்டியதில்லை. செல்வி அக்கா வாயே திறக்கவில்லை என்றால் குரலைச் சோதிக்க வழியில்லைதான். "உங்க குரலை ஒருதடவ கேட்டுக்கிறேன்க்கா" என்று அழைத்து அப்போதே பார்த்துவிட வேண்டும். கூட்டம் பாதியில் இருக்கும்போது அந்தச் சோதனை நடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆறேழு பேர் சேர்ந்த பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும். திரையில் உள்ள பெயர்ப் பட்டியலை ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வாசிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். கடைசிப் பெயர் வருவதற்குள் இன்னும் இருவர் சேர்ந்திருப்பார்கள். ஒருவர் பெயர் விடுபட்டுப்போய் அது ஒரு மனத்தாங்கலாகவும் ஆகிவிடும். தலையசைப்பும் கைகூப்பலும் கேமராவில் தெரியும். அவற்றுக்கு ஒலி இல்லை, யார் பேச்சையும் கெடுக்காது. கைகூப்பி வணங்கும் பழக்கம் உள்ள நமக்கு இதில் கூடுதல் வசதி. கைகள் மட்டும் முகத்துக்கு நேரே, கேமராச் சட்டத்துக்குள் வர வேண்டும். மார்பளவில் கூப்பினால் பல மடிக்கணினிகளில் வெறும் தோள் அசைவுதான் தெரியும்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். வராதவர் அதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. வந்தவர்களுக்கு யாரெல்லாம் வர வேண்டும் என்று தெரியாது. பட்டியல் கேட்பவர் கையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டதும் யாராவது "குமார் வரல போல" என்பார், இன்னொருவர் "போன் பண்ணட்டுமா?" என்பார். இரண்டு நிமிடம் போனது போனதுதான்.

அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய கூட்டம் என்றால் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். வட்டமாக உட்கார்ந்திருந்தால் "இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லலாம். திரையில் முகக் கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை ஆளுக்கு ஆள் வேறு. உங்கள் திரையில் மேல் வரிசையில் இருப்பவர் அடுத்தவர் திரையில் கீழே இருப்பார். 'அடுத்தவர்' என்று அங்கே யாரும் இல்லை. அதனால்தான் "அடுத்து யாரு?" என்ற கேள்விக்குப் பின் ஒரு மௌனமும், பிறகு மூன்று குரல்களும் வருகின்றன. பேசி முடிப்பவரே அடுத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. "அவ்வளவுதான், அடுத்து அந்தோணி அண்ணன் சொல்லட்டும்." பெயரை வாக்கியத்தின் முன்னாலேயே சொல்வது இன்னும் நல்லது. "அந்தோணி அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றால் அவர் மைக்கைத் திறக்க ஒரு வினாடி கிடைக்கிறது.

இனி முறையான தொடக்கம். கூடிப் பேசிக்கொண்டிருந்த அரட்டை எங்கே முடிந்தது, கூட்டம் எங்கே தொடங்கியது என்பது நேரில் நாற்காலி இழுக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். திரையில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழு மூன்றுக்குச் செயலாளர் இப்படிச் சொல்லலாம்: "எல்லாருக்கும் வணக்கம். ஏழு மூணு ஆச்சு, ஆரம்பிச்சிடலாம். இன்னிக்கு ரெண்டே விஷயம்: ஆய்வகத்துக்கு யார்கிட்ட மதிப்பீடு வாங்கறது, இதுவரைக்கும் வந்த பணம் எவ்வளவு. ஏழு முப்பத்தஞ்சுக்கு முடிச்சிடுவோம். கேள்வி இருந்தா கையைத் தூக்குற பொத்தானை அழுத்துங்க." முதலில் வணக்கம் வருவதற்கு மரியாதை தவிர இன்னொரு பயனும் உண்டு. வடிகட்டி விழுங்குகிற முதல் அசை அந்த வணக்கத்தோடு போகட்டும்; விஷயத்தின் முதல் சொல் தப்பிக்கும்.

"காலை வணக்கம்", "மாலை வணக்கம்" இரண்டும் இந்தக் கூட்டத்துக்குப் பொருந்தாது. டொரொன்டோக்காரர் காபி குடிக்கிறார், சிங்கப்பூர்க்காரர் கொட்டாவி விடுகிறார். வெறும் வணக்கம் போதும். நேர வேறுபாட்டை மறக்கவில்லை என்று காட்ட விரும்பினால் ஒரே வரியில் சொல்லலாம்: "சிங்கப்பூர்ல பத்து மணி ஆகப்போகுது, அவங்களைச் சீக்கிரம் விட்டுடுவோம்." இதைவிட நல்ல வரவேற்பு அவர்களுக்குக் கிடையாது.

ஏழு மணிக்கு அழைத்துவிட்டு ஏன் ஏழு மூன்று? காத்திருப்பதா வேண்டாமா என்பது பழைய வழக்கு. நேரத்துக்கு வந்தவரைக் காக்க வைப்பது அவருக்குத் தரும் தண்டனை. காத்திருக்காமல் தொடங்கினால் வழியில் இருப்பவருக்கு அவமதிப்பு. கூட்டங்களின் தாமதத்தை ஆராய்ந்த ஜோசஃப் ஆலன் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கப்பட்ட குழுக்கள் கொண்டுவந்த யோசனைகள் எண்ணிக்கையிலும் தரத்திலும் பின்தங்கின. தாமதம் கடிகாரத்தோடு நிற்பதில்லை. கூட்டம் முழுக்க அதன் சோர்வு தொடர்கிறது.

என் கணக்கு இது: பெரும்பாலான கூட்டங்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பாத்துட்டு ஆரம்பிக்கலாம்" என்பதில் உள்ள 'கொஞ்சம்' எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் மின்னஞ்சல் பார்க்கப் போய்விடுகிறார்கள். "ஏழு மூணுக்கு" என்றால் அந்த மூன்று நிமிடமும் வந்தவரின் சொந்த நேரம். போய்த் தண்ணீர் எடுத்து வரலாம், கேமராவை அணைத்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்யலாம். நாற்பது நிமிடக் கணக்கில் மூன்று நிமிடம் என்பது பதின்மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கொடுக்க இந்தக் கூட்டத்துக்கு வசதியில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒருவர் இல்லாமல் கூட்டமே இல்லை என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். கணக்குச் சொல்ல வேண்டிய பொருளாளர் வரவில்லை என்றால் பணத்தைப் பற்றிப் பேச முடியாது. அப்போதும் எல்லாரையும் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்காமல் பேச்சின் வரிசையை மாற்றலாம்: மதிப்பீடு முதலில், பணம் பிறகு. பொருளாளரை போனில் கூப்பிடுவதை மைக்கை அணைத்துவிட்டு வேறு யாராவது செய்யட்டும்.

காத்திருக்கும் அந்த நிமிடங்களில் என்ன பேசுவது? இது சின்ன விஷயமில்லை. கூட்டத்துக்கு முந்தைய இந்த அரட்டை கூட்டத்துக்கே நல்லது செய்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அனுபவத்திலும் தெரிகிறது. ஆனால் எந்தப் பேச்சு என்று பார்க்க வேண்டும். ஊரில் மழை பெய்ததா, பழைய பள்ளி மைதானத்தில் இப்போது என்ன இருக்கிறது போன்ற பேச்சில் நடுவில் வருபவரும் கலந்துகொள்ளலாம். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த வீட்டுச் செய்தியை ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பது சங்கடம். கூட்டத்துக்குரிய விஷயத்தையே மெல்லப் பேச ஆரம்பிப்பது இன்னும் மோசம். ஏழு மூன்றுக்கு வருபவர் "என்னைக் கேட்காமல் முடிவு எடுத்துவிட்டார்கள்" என்று நினைக்க அதுவே போதும். சங்கங்கள் உடைந்ததற்கு இதைவிடச் சின்னக் காரணங்கள் உண்டு.

அடுத்தடுத்துக் கூட்டங்கள் இருக்கும் அலுவலகங்களில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் முந்தைய கூட்டம்தான். ஒன்று பதினொன்றுக்கு முடிகிறது, அடுத்தது பதினொன்றுக்கே தொடங்குகிறது; நடுவில் எழுந்து நடக்கக்கூட வழியில்லை. இதற்கு நாள்காட்டிச் செயலிகளிலேயே மருந்து இருக்கிறது. கூகுள் காலண்டரின் அமைப்பில் கூட்டங்களைச் சீக்கிரம் முடிக்கும் தேர்வு ஒன்று உண்டு. அதை இயக்கினால் அரைமணிக் கூட்டம் இருபத்தைந்து நிமிடமாகவும் ஒருமணிக் கூட்டம் ஐம்பது நிமிடமாகவும் பதிவாகும். அவுட்லுக்கில் சீக்கிரம் முடிப்பதா, தாமதித்துத் தொடங்குவதா என்றே தேர்ந்தெடுக்கலாம். நான் சொன்னால் தொடக்கத்தைத் தள்ளுவதையே தேர்ந்தெடுப்பேன். முடிவு நேரத்தை யாரும் மதிப்பதில்லை. பதினொன்று ஐந்து என்று போட்டால் பதினொன்று ஐந்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இப்போது தாமதமாக வருபவர். அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மைக்கை அணைத்துவிட்டு நுழைய வேண்டும். திரையில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், "iPhone" என்ற பெயரோடு வந்து உட்கார்ந்தால் "யாருங்க அது?" என்று கூட்டம் நிற்கும். கேமராவைப் பார்த்து ஒரு தலையசைப்பு. மன்னிப்புக் கேட்க விரும்பினால் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி. "சாரி சாரி, ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன், அங்க ஒரு லாரி…" என்று வாய்விட்டு விளக்குவது, தாமதத்தின் மேல் இன்னொரு தாமதத்தை ஏற்றுவது. அவருடைய காரணத்தை யாரும் கேட்கவில்லை. அவர் எந்த இடத்தில் வந்து சேர்ந்திருக்கிறார் என்பதுதான் அவருக்கே தேவை.

அதைச் சொல்வது ஒருங்கிணைப்பாளரின் வேலை. அவர் உடனே சொல்லக் கூடாது. பேசிக்கொண்டிருப்பவர் அந்தக் கருத்தை முடிக்கட்டும். அந்த இடைவெளியில் ஒரே மூச்சில்: "குமார் வந்திருக்கார், வாங்க. மதிப்பீடு யார்கிட்ட வாங்கறதுன்னு பேசிட்டிருக்கோம், ரெண்டு பேர் பேர் வந்திருக்கு. செல்விக்கா, நீங்க தொடருங்க." கடைசி வாக்கியம்தான் முக்கியம். அது பேச்சை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறது. இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் குமாரின் லாரிக் கதை புகுந்துவிடும். அதுவரை பேசியதை எல்லாம் குமாருக்காகத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நேரத்துக்கு வந்தவர்களுக்கு அது இரண்டாம் தடவை.

அரட்டைப் பெட்டியில் ஒரு பொறி இருக்கிறது. பல கூட்டங்களில், ஒருவர் நுழைவதற்கு முன் அங்கே எழுதப்பட்டவை அவருக்குத் தெரியாது. ஏழு ஐந்துக்குச் செயலாளர் போட்ட மதிப்பீட்டு இணைப்பு ஏழு பன்னிரண்டுக்கு வந்த குமாரின் திரையில் இருக்காது. "சாட்ல போட்டிருக்கேனே, பாருங்க" என்று செயலாளர் சொல்ல, குமார் தேட, இருவருக்கும் எரிச்சல். புதிதாக ஒருவர் வந்தால் இணைப்பை மறுபடி ஒட்டிவிடுவது ஐந்து வினாடி வேலை.

காத்திருப்பு அறையில் இதைவிடப் பெரிய பொறி. 2020-இல் ஊரடங்குக் காலத்தில் அழையாத விருந்தாளிகள் கூட்டங்களுக்குள் புகுந்து கலாட்டா செய்த பிறகு, ஜூம் அந்த அறையைப் பல கணக்குகளில் தானாகவே இயங்கும்படி வைத்தது. மற்ற செயலிகளிலும் இப்படி ஒரு வாசல் உண்டு. கூட்டம் சூடு பிடித்ததும் ஒருங்கிணைப்பாளர் திரையைப் பகிர்ந்துகொண்டு விளக்கத்தில் மூழ்கிவிடுகிறார். வாசலில் ஒருவர் நிற்கிற அறிவிப்பு ஓரத்தில் தெரிவதை அவர் பார்ப்பதில்லை. வெளியே நிற்பவருக்கோ அழைக்கப்பட்டும் உள்ளே விடப்படாத அவமானம். அறிந்தவர்கள் மட்டும் கூடும் சிறு கூட்டத்தில், தொடங்கியதும் காத்திருப்பு அறையை அணைத்துவிடலாம். கூட்டம் நடக்கும்போதே அதற்கு வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் வாசலைக் கவனிக்க ஒருவரை வைத்து, யாராவது நின்றால் வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்லலாம்.

தலைமையாசிரியரை மறக்கவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரர், பேரன் இணைப்பை அழுத்திக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவர் ஏழு பன்னிரண்டுக்கு வந்தால், குமாருக்கு ஆன மாதிரி ஒற்றை வாக்கியத்தில் தள்ளிவிட முடியாது. மனமும் வராது, கூடவும் கூடாது. இங்கே கூட்டத்தை நிறுத்தலாம். ஆனால் பத்துப் பேரும் அல்ல, எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் பேச வேண்டும். "சார், வணக்கம் சார். நீங்க வந்ததுல எல்லாருக்கும் சந்தோஷம். உங்க குரலைக் கேட்கலாமா சார்?" என்று செயலாளர் கேட்க, மற்றவர்கள் கேமராவைப் பார்த்துக் கைகூப்பினால் சாருக்கு ஒரே நேரத்தில் பத்து மாணவர்களின் வணக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, காதும் குழம்புவதில்லை. அவர் இரண்டு வார்த்தை பேசி முடித்ததும், "நீங்க கேட்டுட்டிருங்க சார், முடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கருத்தைக் கேட்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பலாம். முன்னாள் மாணவர் சங்கங்களில் பெரியவர்கள் அடிக்கடி வருவார்கள் என்றால், அவர்களை ஆறு ஐம்பத்தைந்துக்கே அழைத்து, கூட்டம் கூடும் முன் நிதானமாக வரவேற்றுவிடுவது அதைவிட நல்லது.

ஒரு மணி நேரம் தாமதமாக வருபவர் ஒருவரும் இருப்பார். அவர்மேல் தவறே இருக்காது. கனடாவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். நம் ஏழு மணி அதுவரை டொரொன்டோவில் காலை ஒன்பதரை, அன்றிலிருந்து எட்டரை. செயலாளர் வாட்ஸ்அப்பில் "வழக்கம்போல ஒன்பதரை" என்று எழுதியிருந்தால் டொரொன்டோ நண்பர் ஒன்பதரைக்கு வந்து உட்காருவார். அப்போது இங்கே மணி எட்டு. கூட்டம் முடிந்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று இதன் மறுதலை: எட்டரைக்கு வந்து ஒரு மணி நேரம் தனியாகக் காத்திருப்பார். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த மாற்றம் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் வருகிறது. அதனால் லண்டனிலும் டொரொன்டோவிலும் உறுப்பினர் இருந்தால் சில வாரங்களுக்கு இருவரின் இடைவெளியும் மாறிக்கிடக்கும். மணியைக் கையால் எழுதாமல் நாள்காட்டி அழைப்பாக அனுப்பினால் அவரவர் ஊர் நேரத்தைச் செயலியே காட்டிவிடும். அந்த மூன்று நான்கு ஞாயிறுகளுக்கு முந்தைய நாள் ஒரு நினைவூட்டலும் போட்டுவிடலாம்.

கடைசி ஐந்து நிமிடத்தில் நுழைபவரை என்ன செய்வது? வரவேற்புக்கும் சுருக்கத்துக்கும் அங்கே நேரமில்லை. "வாங்க, முடிக்கிற இடத்துல இருக்கோம், முடிஞ்சதும் நீங்க மட்டும் ரெண்டு நிமிஷம் இருங்க" என்று சொன்னால் போதும். நாற்பதாவது நிமிடத்தில் திரை அணைந்தாலும், செயலாளரும் அவரும் மறுபடி இணைந்து பேசிக்கொள்ளலாம். அப்போது இருப்பது இரண்டே பேர், "சாப்டீங்களா?" என்று கேட்டே தொடங்கலாம்.